வீட்டிலிருந்தே டோஃபல் எழுதுவது: அறையிலிருந்து ரூட்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அண்ணன் மகள் திருச்சியில் தன் வீட்டு அறையிலேயே உட்கார்ந்து டோஃபல் எழுதினாள். முந்தின நாள் நானும் அவளும் ஒரு ஒத்திகை பார்த்தோம். லேப்டாப்பில் ஒரு ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, "சித்தப்பா, சத்தமே வரல" என்றாள். ஸ்பீக்கர் அளவு முழுதாக ஏற்றியிருந்தது. மியூட்டும் இல்லை. கால் மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது: அடுத்த அறை அலமாரியில், மூடி சரியாக மூடாத டப்பாவுக்குள் கிடந்த ப்ளூடூத் இயர்பட்ஸோடு லேப்டாப் தானாகவே இணைந்துகொண்டு, சத்தத்தை எல்லாம் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

இது தேர்வு நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே கேமராவில் கண்காணிப்பாளர் இருக்கிறார், இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, கேட்டல் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தேர்வில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். முந்தின நாள் என்றால் கால் மணி நேர வேலை, தேர்வு நேரத்தில் என்றால் தேர்வே போய்விடும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதையும் ஒத்திகையை மையமாக வைத்தே எழுதுகிறேன். அதே லேப்டாப், அதே மேசை, அதே இணைய இணைப்பு, முடிந்தால் நாளின் அதே நேரம்.

டோஃபலை வீட்டிலிருந்து எழுதும் முறையை இ.டி.எஸ். நிறுவனம் கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் தொடங்கியது. தேர்வின் அமைப்பு அதற்குப் பிறகு மாறியிருக்கிறது, விதிகளிலும் அவ்வப்போது சின்னச் சின்ன மாற்றங்கள் வருகின்றன. அதனால் பதிவு செய்தபின் வரும் மின்னஞ்சலை ஒரு வரி விடாமல் படியுங்கள். இங்கே சொல்வதும் அந்த மின்னஞ்சலும் எங்காவது மாறுபட்டால் மின்னஞ்சல் சொல்வதே சரி.

பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

முதலாவது பெயர். நம் ஊரில் இனிஷியல் பழக்கம் இருப்பதால் இது தனித் தலைவலி. சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். தேர்வுக்கான கணக்கைத் தொடங்கும்போது மார்க் ஷீட்டைப் பார்த்து எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். தேர்வன்று கண்காணிப்பாளர் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பெயர் பொருந்தாவிட்டால் தேர்வு தொடங்கவே தொடங்காது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நேரம். வீட்டுத் தேர்வுக்கு இரவு நேரங்களும் கிடைக்கும், பலர் அமைதிக்காக அதையே எடுக்கிறார்கள். 14-ஆம் தேதி 12:30 AM என்று போட்டிருந்தால் அது 13-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டிய தேர்வு. 14-ஆம் தேதி ராத்திரி தயாராகி உட்கார்ந்தால் தேர்வு முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். கணக்கில் காட்டும் நேரம் இந்திய நேரம்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் விடியற்காலை ஐந்து, ஆறு மணிதான் நல்ல நேரம். தெரு அமைதியாக இருக்கும், வீட்டில் இணையத்தை வேறு யாரும் இழுக்க மாட்டார்கள். ஆடி மாதமாக இருந்தால் மட்டும் பக்கத்து அம்மன் கோவில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று விசாரித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பகல் நேரம்தான் கிடைத்தது என்றால், அன்று உங்கள் பகுதிக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். காலை ஒன்பது மணிக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும்.

அறை

அறையில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும், தேர்வு முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. விதிகளில் மிகக் கடுமையானது இது. தெரியாமல் பாட்டி காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தாலும் தேர்வு நிறுத்தப்படலாம். அறைக் கதவு கேமராவில் தெரியும்படி உட்காரச் சொல்வார்கள். அதாவது கதவு உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். நம் வீடுகளில் மேசை பெரும்பாலும் சன்னலை ஒட்டியோ மூலையிலோ இருக்கும், முந்தின நாளே இழுத்துத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

கட்டில், சோபாவில் உட்கார்ந்து எழுத அனுமதி இல்லை. சாதாரண நாற்காலி, மேசை, மேசைமேல் கணினி. மேசையில் தேர்வுக்கு வேண்டியதைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீர் பாட்டிலும் கூடாது. மேசைக்கு மேலே சுவரில் தினசரி காலண்டர், பாடக் குறிப்பு, ஒட்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். புத்தக அலமாரி கையெட்டும் தூரத்தில் இருந்தால் மேசையைத் தள்ளிப் போடுங்கள்.

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். சன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் கேமராவில் முகம் கறுப்பாகத்தான் தெரியும். டியூப்லைட் எதிர்ச்சுவரில் இருந்தால் போதும், இல்லாவிட்டால் லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கு.

அப்புறம் மின்விசிறி. இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை, ஆனால் நம் ஊரில் முக்கியமானது. பேச்சுப் பகுதியில் உங்கள் குரலை லேப்டாப்பின் மைக் பதிவு செய்கிறது. தலைக்கு மேல் விசிறி ஐந்தில் சுற்றினால் மைக்கில் காற்று இரைச்சல் குரலை மூடும், கேட்டல் பகுதியில் லேப்டாப் ஸ்பீக்கரின் சத்தமும் அதில் அமுங்கிப்போகும். ஒத்திகையில் விசிறியை ஐந்தில் வைத்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்தோம், இரண்டில் வைத்து இன்னொரு நிமிடம். கேட்டுப் பார்த்ததும் அவளே எழுந்துபோய் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தாள். முதல் பதிவில் சொற்களின் கடைசி எழுத்துகளே காணாமல் போயிருந்தன.

உடை, நகை, கைக்குறிப்பு

இரண்டு காதும் தேர்வு முழுவதும் கேமராவில் தெரிய வேண்டும். தலைமுடியை விரித்துப் போடாமல் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். சமயம் சார்ந்த தலைத்துணிக்கு அனுமதி உண்டு, ஆனால் காது தெரிய வேண்டும். தோடு, ஜிமிக்கி, ஹேர்பேண்ட், பெரிய கிளிப் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பூவும் வேண்டாம். முகக்கவசம் கூடாது. எடுக்கும் படம் மதிப்பெண்ணோடு பல்கலைக்கழகத்துக்கும் போகும் என்பதால் வெளியே போகும்போது உடுத்துவது போல உடுத்திக்கொள்ளுங்கள்.

ஹெட்செட், இயர்போன் இரண்டுக்கும் அனுமதி இல்லாத முறையில்தான் அவள் எழுதினாள். ஸ்பீக்கரில் கேட்டு, மைக்கில் பேசினாள். உங்கள் மின்னஞ்சல் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

குறிப்பெடுக்கச் சாதாரணக் காகிதமும் பேனாவும் கூடாது. அழிக்கக்கூடிய மார்க்கரோடு ஒரு சிறிய ஒயிட்போர்டு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் செருகி அதன்மேல் மார்க்கரால் எழுதலாம். ஸ்டேஷனரி கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதில் எழுதிப் பழக வேண்டும். மார்க்கர் முனை தடிமன், பேனாவில் பத்து வரி எழுதும் இடத்தில் இதில் நான்கு வரிதான் வரும். மெல்லிய முனை மார்க்கரும், அழிக்க ஒரு டிஷ்யூவும் வைத்துக்கொண்டு நாலைந்து மாதிரித் தேர்வுகளையாவது இதே உறையில் எழுதிப் பாருங்கள்.

கணினி

சொந்த லேப்டாப் அல்லது டெஸ்க்டாப், விண்டோஸ் அல்லது மேக். டேப்லெட், கைப்பேசி, குரோம்புக் ஆகாது. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மென்பொருள் நிறுவும் உரிமை உங்களிடம் இருக்காது, அலுவலகத்தின் பாதுகாப்பு அமைப்பு தேர்வு மென்பொருளை இடையில் தடுத்துவிடும். அதை அந்த நேரத்தில் சரிசெய்ய யாராலும் முடியாது.

திரை ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது மானிட்டரை அணைத்து வைத்தால் போதாது, கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். டிவிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளும் இதில் சேரும். விண்டோஸில் `Win + P` அழுத்தி `PC screen only` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேமரா அசைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். லேப்டாப் என்றால் தூக்கிச் சுற்றினால் முடிந்தது. டெஸ்க்டாப் என்றால் தனி வெப்கேம், அதுவும் நீளமான வயரோடு.

தேர்வுக்கு ETS Secure Test Browser என்ற தனி உலாவியை நிறுவ வேண்டும். தேர்வு நிறுவனத்தின் தளத்தில் கருவிச் சோதனைப் பக்கமும் உண்டு. இரண்டையும் ஒத்திகையன்றே முடியுங்கள். சோதனைப் பக்கம் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டினாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த நிமிடத்தில் கேமராவும் மைக்கும் வேலை செய்ததா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். நாளை காலையில் என்ன தானாகக் கிளம்பும் என்பது அதற்குத் தெரியாது.

அதை நாம்தான் பார்க்க வேண்டும். `Ctrl + Shift + Esc` அழுத்தினால் Task Manager திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கணினி தொடங்கும்போதே தானாகக் கிளம்பும் செயலிகளை நிறுத்துங்கள். முதலில் தேட வேண்டியது மூன்று வகை. வீடியோ கூட்டச் செயலிகள், இவை பின்னணியில் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் AnyDesk, TeamViewer போன்றவை, இவற்றை மூடினால் மட்டும் போதாது, நீக்கிவிடுவதே நல்லது. மூன்றாவது, கோப்புகளைத் தானாக மேகத்தில் ஏற்றும் செயலிகள், இவை இணையத்தின் ஏற்றும் வேகத்தைத் தின்னும். வி.பி.என். இருந்தால் அணைத்துவிடுங்கள். Windows Update-ஐ ஒரு வாரம் தள்ளிப் போட அமைப்புகளிலேயே வசதி உண்டு. ப்ளூடூத்தை அணைத்துவிட்டு வயர் மவுஸ் பயன்படுத்துங்கள். எங்கள் அலமாரிக் கதை உங்கள் வீட்டிலும் நடக்க வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கேமரா, மைக், Screen Recording ஆகியவற்றுக்கான அனுமதியை Privacy & Security பகுதியில் தர வேண்டும். திரைப் பதிவு அனுமதி கொடுத்ததும் அந்தச் செயலியை மூடித் திறக்கச் சொல்லும். தேர்வு நேரத்தில் இப்படி மூடித் திறந்தால் கண்காணிப்பாளருக்காக மறுபடி காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.

இணையமும் மின்சாரமும்

வேகம் எத்தனை எம்.பி.பி.எஸ். என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் வீட்டுத் தேர்வுக்கு முக்கியம் இணைப்பு விட்டுவிட்டு வராமல் இருப்பது, அதிலும் உங்கள் வீடியோவை வெளியே அனுப்பும் ஏற்றும் வேகம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் Command Prompt திறந்து இதைத் தட்டுங்கள்:

```
ping -n 100 8.8.8.8
```

ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடி முடிந்ததும் கடைசியில் `Lost = 0 (0% loss)` என்று வந்தால் நல்லது. ஒன்றிரண்டு தொலைந்திருந்தால் ரூட்டருக்குக் கிட்டே போய் மறுபடி ஓட்டிப் பாருங்கள். கிட்டே போனால் சரியாகிறது என்றால் குறை வைஃபையில், கேபிள் போட்டால் தீர்ந்தது. கேபிள் போட்டும் தொலைகிறது என்றால் குறை வீட்டுக்கு வெளியே. சேவை கொடுப்பவரிடம் புகார் செய்யுங்கள், சரியாகாவிட்டால் வேறு வீட்டைத் தேடுங்கள். மேக்கில் `-n` இருக்கும் இடத்தில் `-c` என்று போட வேண்டும்.

அண்ணன் வீட்டில் கேபிள் போட்டபின் நூற்றுக்கு நூறும் வந்தது. சரி, முடிந்தது என்று எழுந்திருக்கும்போது அண்ணன், "கரண்ட் போனா?" என்று கேட்டார். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரி இருக்கிறது. விசிறியும் நிற்கவில்லை. ஆனால் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடிப் பொழுதில் ரூட்டர் அணைந்து மீண்டும் தொடங்கியது. இணையம் திரும்ப வர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆனது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் தேர்வு அறுந்துபோவதற்குக் காரணம் இதுதான். சில இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். நிலை என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் வைத்தால் மாற்றம் விரைவாக நடக்கும். எங்களுக்கு அதிலும் ரூட்டர் தாங்கவில்லை. அன்று மாலையே ரூட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று வாங்கிப் பொருத்தி மறுபடி மெயினை அணைத்தோம். ரூட்டர் விளக்கு இமைக்கவே இல்லை. வாங்கும்போது உங்கள் ரூட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் இணைப்பில் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் தேவை.

தேர்வன்று

அரை மணி நேரம் முன்பே கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, சார்ஜரை மாட்டி, மேசையில் அசல் பாஸ்போர்ட், பிளாஸ்டிக் உறை, மார்க்கர், ஒரு கைக்கண்ணாடி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நகல் பாஸ்போர்ட் செல்லாது. அழைப்பு மணியை நிறுத்துங்கள். பால்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

நேரம் வந்ததும் உங்கள் கணக்கில் நுழைந்து தேர்வைத் தொடங்கினால் கண்காணிப்பாளர் இணைவார். சில நேரம் உடனே வருவார், சில நேரம் காக்க வேண்டும். காத்திருக்கும்போது பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பிக்காதீர்கள். அவர் பெரும்பாலும் அரட்டைப் பெட்டியில்தான் எழுதுவார், தேவைப்பட்டால் பேசுவார். உங்கள் திரையைப் பார்க்க ஒரு சிறு செயலியை இறக்கி இயக்கச் சொல்லலாம், சொன்னபடி செய்யுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கேமராவுக்குக் காட்டும்போது விளக்கு வெளிச்சம் பட்டுப் படம் வெளுத்துத் தெரியும், சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சரியாகிவிடும். அடுத்து அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். நான்கு சுவர், கதவு, மேசையின் மேல்பகுதி, மேசைக்கு அடியில் என்று மெதுவாகச் சுற்றுங்கள், வேகமாகச் சுற்றினால் மறுபடி கேட்பார்கள். பிறகு கைக்கண்ணாடி. அதைத் திரைக்கு எதிரே பிடித்தால் திரையின் ஓரங்களும் விசைப்பலகையும் கேமராவில் தெரியும், அங்கே ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. இதற்குக் கைப்பேசியைப் பயன்படுத்தச் சொன்னால், காட்டி முடித்ததும் அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் உறையின் இரண்டு பக்கமும் காட்டிவிட்டால் தேர்வு தொடங்கும்.

தேர்வின்போது கண் திரையை விட்டு அடிக்கடி விலகக் கூடாது. யோசிக்கும்போது மேலே விட்டத்தைப் பார்ப்பது, வாசிப்புப் பகுதியை உதட்டசைத்துப் படிப்பது ஆகியவை நம்மில் பலருக்கு இருக்கும் பழக்கம். இரண்டுமே சந்தேகத்துக்கு இடம் தரும். மாதிரித் தேர்வு எழுதும்போது யாரையாவது எதிரே உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

நடுவில் ஏதாவது கெட்டுப்போனால்

கேமரா திரையில் கறுப்பாகத் தெரிந்தால், முதலில் லேப்டாப் கேமராவுக்குப் பக்கத்தில் சிறிய மூடி இருக்கிறதா என்று பாருங்கள், பல மாடல்களில் உண்டு. மூடி திறந்திருந்து, கேமராவின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் வேறு ஏதோ செயலி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. Task Manager-இல் அதை மூட வேண்டும், ஆனால் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு. விளக்கே எரியவில்லை என்றால் பெரும்பாலும் அமைப்புகளில் அனுமதி தரப்பட்டிருக்காது.

குரல் பதிவு விட்டுவிட்டுக் கேட்டால் மைக்கின் ஒலி மேம்பாட்டு வசதிதான் பெரும்பாலும் காரணம். அது மெல்லிய குரலை இரைச்சல் என்று நினைத்து வெட்டும். ஒத்திகையில் உங்கள் பதிவைக் கேட்கும்போதே இது தெரிந்துவிடும், அன்றே அணைத்து வைத்துவிடுங்கள்.

இணைப்பு அறுந்தால் எதையும் அவசரமாக மூடாதீர்கள், அறையை விட்டு வெளியேவும் போகாதீர்கள். இணையம் திரும்பியதும் எந்த வழியில் நுழைந்தீர்களோ அதே வழியில் நுழைந்து கண்காணிப்பாளருக்காகக் காத்திருங்கள். அவர் அடையாளத்தை மறுபடி பார்த்துவிட்டு, முடிந்தவரை நின்ற இடத்திலிருந்து தொடரச் செய்வார். திரையில் வந்த பிழைச் செய்தியையும் நேரத்தையும் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில் குறித்துவைத்து, அழிப்பதற்கு முன் கண்காணிப்பாளரிடம் அரட்டையில் தெரிவித்துவிடுங்கள். தொடர முடியாமலே போனால் அன்றே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். "இத்தனை மணிக்கு, இந்தப் பகுதியில், இந்தச் செய்தி வந்தது" என்று எழுதினால் அவர்களிடம் உள்ள பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். "நெட் போயிடுச்சு" என்று மட்டும் எழுதினால் முடியாது.

திருச்சியில் அன்று காலை ஆறே காலுக்குத் தொடங்கி ஏழு மணிவாக்கில் மின்சாரம் போனது. உள்ளே இருந்த அவளுக்கு விசிறி ஒரு சுற்று தயங்கியதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வெளியே நானும் அண்ணனும் ரூட்டர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறையின் இரண்டு பக்கத்தையும் கேமராவுக்கு முன்னால் துடைத்து, துடைத்ததைக் காட்ட வேண்டும், கண்காணிப்பாளர் சரி என்று சொன்ன பிறகுதான் தேர்வு முடிந்ததாகக் கணக்கு. பிறகு அவர் இயக்கச் சொன்ன செயலியை நீக்கிவிட்டு, தள்ளிப் போட்ட அப்டேட்டையும் நிறுத்திய செயலிகளையும் பழையபடி வைத்துவிடலாம். வீடியோப் பதிவை அவர்கள் தேர்வுக்குப் பிறகும் பார்ப்பார்கள் என்பதால், சேவைக்கு எழுதிய கடிதம், அரட்டையில் வந்த பதில் எதையும் மதிப்பெண் கைக்கு வரும்வரை அழிக்காதீர்கள்.